கேத்தலின் வெள்ளைப் படிவும் அயன்வலிமையும்: எல்லை விதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரைக் கொதிக்க வைப்பவர்களுக்குக் கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குடாநாடே சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. அதைக் கரைத்துக்கொண்டுதான் தண்ணீர் மேலே வருகிறது. அந்தப் படிவு எந்த நீரில் விழும், எதில் விழாது என்று கணக்கிடப் புகுந்தால் செறிவு மட்டும் போதாது, அந்தச் செறிவில் எவ்வளவு பங்கு உண்மையில் செயற்படுகிறது என்று சொல்லும் தொழிற்பாட்டுக் குணகமும் வேண்டும். முதலாம் வருட மாணவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் நான் கொடுப்பது வழக்கம். விடைகள் பிழைக்கும் இடங்கள் ஆண்டுதோறும் அநேகமாக ஒன்றுதான்.

அந்தக் குணகத்தைத் தரும் எல்லை விதி சின்னது. 1923-இல் டெபாயும் ஹூக்கலும் தந்தது. 25 பாகை செல்சியசில் நீருக்கு:

```
I = ½ Σ c·z²
log γ = −0.509 · z² · √I
```

`I` அயன்வலிமை, `c` ஒவ்வொரு அயனின் செறிவு, `z` அதன் ஏற்றம், `γ` குணகம்.

ஒரு கிணற்றுநீரை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்குக் கல்சியம் 2 மில்லிமூல், சோடியம் 3, இருகாபனேற்று 4, குளோரைட்டு 3. கூடவே மிகச் சிறிதளவு காபனேற்று, 0.01 மில்லிமூல். கணக்கைத் தொடங்குமுன் நேர், எதிர் ஏற்றங்களைக் கூட்டிப் பாருங்கள். நேர் ஏற்றம் 2×2 + 3 = 7; எதிர் ஏற்றம் 4 + 3 = 7. சொற்பமான காபனேற்றை விட்டால் இரண்டும் சரி. இந்தக் கூட்டல் பொருந்தாவிட்டால் ஏதோ ஓர் அயன் விடுபட்டிருக்கிறது, அல்லது அளவீடு பிழை. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக்கூடாது.

இனி அயன்வலிமை: ½ (2×4 + 3×1 + 4×1 + 3×1) = 9 மில்லிமூல், அதாவது 0.009. இதன் வர்க்கமூலம் 0.095. கல்சியத்துக்கு `log γ` −0.193, எனவே γ = 0.64. ஓர் ஏற்றம் கொண்ட சோடியத்துக்கும் குளோரைட்டுக்கும் 0.89.

சரி, காபனேற்றுக்கு? இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். "அதன் செறிவு 0.01 மில்லிமூல்தானே, அது மிக ஐதானது, குணகம் ஏறக்குறைய 1" என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் அதன் செறிவை மட்டும் வைத்தே தனியாக ஓர் அயன்வலிமை கண்டு 0.98 என்று விடை தருவார்கள். இரண்டும் பிழை. அயன்வலிமை கரைசல் முழுவதற்கும் சொந்தமானது, எந்த ஒரு அயனுக்கும் சொந்தமானதல்ல. அந்தச் சொற்பக் காபனேற்றைச் சூழ்ந்து நிற்பவை கல்சியமும் சோடியமும். அவை எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதே அதன் குணகத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே காபனேற்றுக்கும் இட வேண்டியது அதே 0.009-தான். ஏற்றம் இரண்டு என்பதால் கல்சியத்தைப் போலவே 0.64 வரும்.

இதனால் என்ன குறைகிறது என்று பாருங்கள். கல்சியத்தின் செறிவையும் காபனேற்றின் செறிவையும் அப்படியே பெருக்கினால் 2×10⁻⁸. படிவாக விழும் கல்சியம் காபனேற்றுக் கனிமமான கல்சைற்றின் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 3.3×10⁻⁹. நீர் ஆறு மடங்கு மிகைநிரம்பல் என்று தோன்றும். இரு குணகங்களையும் சேர்த்தால் பெருக்கம் 0.41 மடங்காகக் குறைந்து, மிகைநிரம்பல் இரண்டரை மடங்குதான் ஆகிறது. படிவு விழும் என்ற முடிவு மாறவில்லை. ஆனால் எவ்வளவு விழும் என்ற கணக்கு மாறிவிட்டது. எல்லைக்கோட்டில் நிற்கும் நீராக இருந்தால் முடிவே தலைகீழாகும்.

இதன் தம்பி போன்ற ஒரு தவறு, உப்பு உப்பாகப் பிரித்துக் கணக்கிடுவது. கல்சியம் இருகாபனேற்றுக்கு ஓர் அயன்வலிமை, சோடியம் குளோரைட்டுக்கு இன்னொன்று என்று எடுத்தால் கல்சியத்துக்கு 0.70 வரும். நீரில் கரைந்தபின் எது எந்த உப்பிலிருந்து வந்தது என்ற அடையாளமே இல்லை.

அலகுத் தவறு உடனே காட்டிக்கொடுத்துவிடும். மில்லிமூலை மூலாக்காமல் 9 என்றே இட்டால் கல்சியத்தின் குணகம் பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். அப்படி ஒரு விடையைக் கண்டால் அலகைத் தேடுங்கள். ½-ஐ மறப்பது அப்படிக் காட்டிக்கொடுக்காது. அது 0.64-க்குப் பதில் 0.53 தரும், பார்த்தால் நம்பும்படியே இருக்கும். இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை: சோடியம் குளோரைட்டு மட்டும் உள்ள கரைசலில் அயன்வலிமை அதன் செறிவுக்குச் சமமாக வரவேண்டும். இரு மடங்கு வந்தால் ½ எங்கோ விழுந்துவிட்டது. 0.509 பத்தின் அடி மடக்கைக்கு உரியது என்பதையும் பாருங்கள். இயற்கை மடக்கையில் எழுதினால் அது 1.17 ஆகும்.

அப்புறம் ஏற்றம். தனி அயனுக்கு z-இன் வர்க்கம். ஓர் உப்பின் சராசரிக் குணகத்துக்கு இரு ஏற்றங்களின் பெருக்கம், குறியில்லாமல். கல்சியம் குளோரைட்டுக்கு அது 2×1 = 2; 4 அல்ல. லீற்றருக்கு 0.001 மூல் கரைசலில் அயன்வலிமை 0.003, சராசரிக் குணகம் 0.88. நான்கை இட்டவர்களுக்கு 0.77 வரும், அது கல்சிய அயனின் குணகம், உப்பின் குணகமல்ல.

மென்னமிலங்களிலும் கவனம் வேண்டும். 0.1 மூல் அசற்றிக்கமிலத்தில் அயனாகப் பிரிந்திருப்பது ஏறத்தாழ 0.0013 மூல் மட்டுமே. அதைத்தான் கூட்டலில் சேர்க்க வேண்டும். பிரியாத மூலக்கூறுக்கு ஏற்றம் பூச்சியம்.

கடைசியாக, விதியையே அது செல்லாத இடத்துக்குக் கொண்டுபோவது. "எல்லை விதி" என்ற பெயரிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது: செறிவு பூச்சியத்தை நெருங்கும்போதுதான் அது சரி. சோடியம் குளோரைட்டில் 0.001-இல் விதி 0.964 சொல்லும், அளந்தால் 0.965. 0.01-இல் 0.889 சொல்லும், அளந்தால் 0.902. 0.1-இல் 0.69 சொல்லும், அளந்தால் 0.778. பொதுவாக 0.01-க்கு மேல் நான் இதை நம்புவதில்லை. இரட்டை ஏற்ற அயன்களுக்கு அதற்கும் முன்னமே நிறுத்திக்கொள்வேன். நமது கிணற்றுநீரே ஓரத்தில்தான் நிற்கிறது. எல்லை விதியைச் சற்றுக் கூடிய செறிவுகளுக்கு நீட்டும் டேவிசின் சமன்பாட்டில் கல்சியத்துக்கு 0.64-க்குப் பதில் 0.67 வருகிறது.

காரணம் அளவில் இருக்கிறது. ஒவ்வோர் அயனையும் சுற்றி எதிர் ஏற்றம் சற்று மிகுந்த ஒரு சூழல் உண்டு. நீரில் அதன் தடிப்பு நானோமீற்றரில் 0.304-ஐ √I-ஆல் பிரித்தால் கிடைக்கும். கிணற்றுநீரில் அது 3.2 நானோமீற்றர். அயன்களைப் பருமனில்லாத புள்ளிகளாக எடுக்கும் எல்லை விதி அங்கே ஓரளவு தாங்கும். கடல்நீரில் அயன்வலிமை 0.7, சூழல் 0.36 நானோமீற்றருக்குச் சுருங்குகிறது. அது நீர் சூழ்ந்த ஓர் அயனின் பருமனோடு ஒப்பிடத்தக்க அளவு, அதைப் புள்ளி என்று சொல்ல இனி வழியில்லை. அதே வலிமையுள்ள சோடியம் குளோரைட்டுக் கரைசலுக்கு விதி 0.38 சொல்லும், உண்மை ஏறத்தாழ 0.67. கடலோரக் கிணற்றில் உவர் ஏறியிருந்தால் முதலில் அயன்வலிமையைக் கண்டு, பிறகு எந்தச் சமன்பாடு என்று முடிவெடுங்கள். 0.1 வரை டேவிஸ் நன்றாகத் தாங்கும், 0.5 வரை இழுத்துப் போகலாம். ஆனையிறவு உப்பளத்தின் செறிந்த உவர்நீருக்கு அதுவும் ஆகாது, பிற்சரின் சமன்பாடுகள் வேண்டும்.