மொத்த ஆர்டரில் மூன்று சலுகைகளைத் தனித்தனியாகப் பேசாதீர்கள்

தீபாவளிக்கு முன்பு டர்பனில் மசாலா அரைத்து விற்பவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க் கடைக்காரர்களிடமிருந்து பெரிய ஆர்டர்கள் வரும். கூடவே மூன்று கேட்புகளும் வரும்: இன்னும் கொஞ்சம் தள்ளுபடி, இலவச டெலிவரி, அறுபது நாள் கடன். விற்பவர்களில் பலர் இவற்றைச் சேர்த்துப் பார்க்காமல், ஒவ்வொன்றாகச் சம்மதித்துக்கொண்டே போகிறார்கள். பெரிய தவறு இதுதான். மூன்றும் ஒரே லாபத்திலிருந்து போகிறவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரி சேர்க்காமல் கிலோ 100 ரேண்ட் விலையில் 500 கிலோ. அடக்கம் 78 ரேண்ட். மொத்த லாபம் 11,000. எட்டு சதவீதத் தள்ளுபடி 4,000 ரேண்டைக் கொண்டுபோகும். லாரி வாடகை 2,000 என்று வையுங்கள். மிஞ்சுவது 5,000.

கடன் கெடுவில்தான் அதிகம் ஏமாறுகிறோம். "ஸ்டேட்மெண்டிலிருந்து அறுபது நாள்" என்பது இந்நாட்டு வணிகத்தில் சாதாரணமான பேச்சு. செப்டம்பர் 3 அன்று பில் போட்டால், மாதக் கடைசி ஸ்டேட்மெண்டிலிருந்துதான் நாள் எண்ணப்படும். பணம் வருவது நவம்பர் 29, அதாவது 87 நாள் கழித்து. அதுவரை முடங்கும் 39,000 ரேண்ட் அடக்கத்துக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றாலே 1,100 ரேண்ட் போய்விடும். கையில் நிற்பது 3,900.

அதோடு 15 சதவீத வாட் வரியையும் மறந்துவிடுகிறார்கள். பில் அடிப்படையில் கணக்குக் கொடுப்பவர் பணம் வரும்வரை காத்திருக்க முடியாது. வரிக்காலம் செப்டம்பரில் முடிந்தால், இந்த பில்லின் வரியை, வாங்கிய சரக்கின் வரி கழிந்தது போக, அக்டோபருக்குள் நாமே கட்ட வேண்டும். லாபம் இருந்தும் தீபாவளிச் சரக்கு வாங்கக் கையில் பணம் இல்லாமல் போவது இப்படித்தான்.

ஆகவே மூன்றையும் கேட்டு முடித்த பிறகு ஒரே பதில் சொல்லுங்கள். என் யோசனையில், முதலில் விட்டுக்கொடுக்க ஏற்றது டெலிவரி. அந்தச் செலவு இந்த ஒரு ஆர்டரோடு முடிந்துவிடும். தள்ளுபடி அப்படி அல்ல. அடுத்த முறை பேச்சு அந்த விலையிலிருந்துதான் தொடங்கும். "ஐநூறு கிலோவும் ஒரே லோடாக எடுத்தால் லாரி வாடகை எங்களுடையது. பில் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் பணம் வந்தால் மூன்று சதவீதத் தள்ளுபடி" என்று சொல்லிப் பாருங்கள். வாடகை 2,000, தள்ளுபடி 1,500, முப்பது நாள் வட்டி ஏறக்குறைய 400 போக, 7,100 ரேண்ட் நிற்கும்.

அந்த மூன்று சதவீதத்தை பில்லிலேயே கழித்துவிடாதீர்கள். தாமதமாகக் கட்டுபவரும் அதைக் கழித்துக்கொண்டுதான் அனுப்புவார். பிறகு 1,500 ரேண்டுக்காகச் சண்டையிட யாருக்கும் மனம் வராது. முழு விலைக்கு பில் போட்டு, பணம் கெடுவுக்குள் வங்கியில் ஏறிய பிறகு கிரெடிட் நோட் கொடுங்கள். இந்த நிபந்தனையையும், கெடு எந்தத் தேதியிலிருந்து என்பதையும், ஆர்டரை உறுதிசெய்யும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.