சாளரம் 4, தொலைந்தது ஒன்று: எத்தனை பாக்கெட் மீண்டும் போகும்?

தொலைந்த பாக்கெட்டை மீண்டும் அனுப்பும் முறைகளான கோ பேக் என், செலக்டிவ் ரிப்பீட் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஒரு தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். சாளர அளவு 4, அதாவது ஒப்புகைக்குக் காத்திராமல் ஒரே நேரத்தில் நான்கு பாக்கெட் வரை அனுப்பலாம். அனுப்புநர் 0, 1, 2, 3 பாக்கெட்டுகளை அனுப்புகிறார். 1 வழியில் தொலைகிறது. 0-க்கு ஒப்புகை வந்ததும் சாளரம் ஓரிடம் நகர, 4-உம் கிளம்பிவிடுகிறது.

கோ பேக் என் முறையில் பெறுநர் 1-க்காகவே காத்திருப்பார். 2, 3, 4 பழுதின்றி வந்தாலும் தூக்கி எறிந்துவிட்டு, "0 வரை வந்தது" என்றே ஒவ்வொரு முறையும் பதில் சொல்வார். நேரம் கடந்ததும் 1, 2, 3, 4 நான்கும் மீண்டும் போகும். செலக்டிவ் ரிப்பீட்டில் பெறுநர் 2, 3, 4 மூன்றையும் சேமித்து, தனித்தனியே ஒப்புகை தருவார். 1 மட்டும் மறுபடி போகும். அது வந்தவுடன் நான்கும் வரிசையாக மேலடுக்குக்கு ஏறும்.

தேர்வில் பலர் சறுக்குவது வேறிடத்தில். வரிசை எண் 3 பிட் என்றால் 0 முதல் 7 வரை எட்டு எண்கள். செலக்டிவ் ரிப்பீட்டில் சாளரத்தை 5 ஆக வைத்து, 0 முதல் 4 வரை அனுப்புகிறோம். எல்லாம் சேர்ந்துவிட்டன, ஆனால் ஒப்புகைகள் அத்தனையும் தொலைந்தன. பெறுநர் இப்போது எதிர்பார்ப்பது 5, 6, 7, 0, 1. அனுப்புநரோ பழைய 0-வையே மீண்டும் அனுப்புகிறார். பெறுநர் அதைப் புதியது என்று நம்பி ஏற்றுக்கொள்கிறார். பிழைச் செய்தி எதுவும் வராது, தரவு மட்டும் கெட்டிருக்கும்! சாளரம் 4 என்றால் எதிர்பார்ப்பு 4 முதல் 7 வரைதான். பழைய 0 வெளியே நின்றுவிடும். கோ பேக் என் முறையில் சாளர அளவு 7 வரை போகலாம்.