தறிக் கட்டுரையைத் திருத்திய விதம்

தாத்தாவின் கைத்தறியை விற்றது பற்றிய என் கட்டுரை, படித்தவர்களுக்குப் பாதியிலேயே அலுத்தது. வாக்கியங்களைத் தொடாமல், ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அதன் சாரத்தை ஒரே வரியில் எழுதினேன். அந்த வரிகளை மட்டும் வரிசையாகப் படித்ததும் காரணம் தெரிந்தது: தறி விற்ற நாள் கடைசியில் கிடந்தது, அதற்கு முன்னால் முழுக்கக் குடும்ப வரலாறு. விற்பனையை முதலுக்குக் கொண்டுவந்தேன். தறியோடு ஒட்டாத பத்திகளை எடுத்தேன். சொற்களை முதலில் செதுக்கியிருந்தால் அந்த உழைப்பும் எடுத்த பத்திகளோடு போயிருக்கும்.

அப்புறம் பத்திகள்: பாட்டியின் கோபமும் தறியின் விலையும் ஒன்றாகக் கலந்திருந்தன, பிரித்தேன். வாக்கியங்களை வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டிய இடங்களில் உடைத்தேன். சொற்கள் கடைசியில்தான்: தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுவதை வெறும் ‘கருவி’ என்றிருந்தேன், அது ‘நாடா’ ஆனது. ஒரு வாக்கியம் எப்படித் திருத்தியும் சரிவரவில்லை என்றால், பெரும்பாலும் அது தவறான பத்தியில் இருக்கிறது. அப்போது மறுபடி ஓரக் குறிப்புகளுக்கே போகிறேன்.