ஸ்டாரில் ஓடுகிறது, டெல்டாவில் விழுகிறது: ஜெனரேட்டர் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

வாடிப்பட்டி பக்கம் ஒரு அரிசி ஆலை. 30 ஹெச்பி மோட்டார் ஒன்று, 15 ஹெச்பி ஒன்று, மற்ற சில்லறை லோடு. ஓடும்போது எல்லாம் சேர்ந்து 52 கேவிஏ வருகிறது என்று கூட்டிப் பார்த்து, 62.5 கேவிஏ ஜெனரேட்டரை இறக்கிவிட்டார்கள். முதல் பவர்கட்டிலேயே மொத்த ஆலையும் நின்றுவிட்டது. "சின்ன செட்டைத் தலையில கட்டிட்டாங்கண்ணே" என்றார் முதலாளி.

ஓடும் லோடை மட்டும் கூட்டியதுதான் முதல் தவறு. 30 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 40 ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் நேரடியாக ஸ்டார்ட் செய்தால் அதைப்போல ஆறு மடங்கு, அதாவது சுமார் 170 கேவிஏ கேட்கும். முதலில் ஸ்டாரில் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, வேகம் பிடித்ததும் டெல்டாவில் முழு வோல்டேஜுக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும், 60 கேவிஏவுக்குள் அடங்கிவிடும். இங்கேயும் ஸ்டார் டெல்டாதானே இருக்கிறது, அப்புறம் ஏன் விழுகிறது?

பேனல் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்டாரில் விளக்கு லேசாக மங்கியதோடு சரி. மூன்றாவது விநாடியில் டெல்டாவுக்கு மாறியதுமே இன்ஜின் முனகியது, கான்டாக்டர்கள் எல்லாம் 'டக்'கென்று விட்டுவிட்டன. டைமரை 3 விநாடியில் வைத்திருக்கிறார்கள்! மோட்டார் பாதி வேகம்கூடப் பிடிக்காமல் டெல்டாவுக்குப் போனால் கிட்டத்தட்ட அந்த 170 கேவிஏ அடி அப்படியே விழும், வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்கு இறங்கும், கான்டாக்டர் காயில் பிடி விட்டுவிடும். கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஸ்டாரில் கரண்ட் இறங்கி நிலைக்கும் நேரத்தைப் பார்த்து டைமரை 9 விநாடிக்கு மாற்றினோம். பெரிய மோட்டாரைக் கடைசியில் போடும் பழக்கத்தையும் நிறுத்தி முதலில் போடச் சொன்னேன், அது நிதானத்துக்கு வந்த பிறகு மற்றது. அதே செட் தாங்கியது.

பயந்துகொண்டு 160 கேவிஏ வாங்குவதும் தவறுதான். லோடு 30 சதவீதத்துக்குக் கீழேயே கிடந்தால் டீசல் சரியாக எரியாது, புகைக்குழாயில் கறுப்பு எண்ணெய் வழியும். அந்த மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கேவிஏவுக்கு வோல்டேஜ் எத்தனை சதவீதம் இறங்கும் என்று ஆல்டர்னேட்டர் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள், அப்புறம் சைஸைப் பேசலாம்.

இனி டேங்க். 42 கிலோவாட் லோடில் மணிக்கு 11, 12 லிட்டர் டீசல் போகும். இன்ஜினுக்கு நேரடியாக டீசல் கொடுக்கும் சின்ன டேங்க்தான் டே டேங்க்; 8 மணி நேரத்துக்கு அது 100 லிட்டர் போதும் என்று வைத்தால் ஏமாறுவீர்கள், அடியில் வண்டலுக்காக விடும் சில அங்குலம் கணக்கில் சேராது. 125 லிட்டராவது வேண்டும். டே டேங்க்கை நிரப்ப இருப்பு வைக்கும் பெரிய டேங்க்கை 990 லிட்டரில் நிறுத்துவதற்குக் காரணம் சட்டம்: ஒரு கலன் 1000 லிட்டரையும் மொத்த இருப்பு 2500 லிட்டரையும் தாண்டாதவரை டீசலுக்கு உரிமம் வேண்டியதில்லை.

அந்த ஆலையில், பெரிய டேங்க்கிலிருந்து டே டேங்க்குக்கு ஏற்றும் பம்பை ஈபி லைனில் கொடுத்திருந்தார்கள். கரண்ட் போனால் பம்பும் போச்சு. அதை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றி, கைப்பம்பு ஒன்றும் வைத்தோம். மிதவை ஸ்விட்ச் மாட்டிக்கொண்டால் டீசல் தரையில் கொட்டாமல் பெரிய டேங்க்குக்கே திரும்ப, நிரப்பும் குழாயைவிடப் பெரிய ஓவர்ஃப்ளோ குழாயும் போட்டோம்.