பெயர்ப்பலகை மாதிரிப் படம்: சாய்வும் நிழலும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மளிகைக் கடையைப் பக்கவாட்டில் நின்று படமெடுத்து, புதிய பெயர்ப்பலகையைப் போட்டோஷாப்பில் பொருத்தியபோது, அது சுவரில் ஒட்டிய தாளைப் போலத் தெரிந்தது. மூலைகளைத் தனித்தனியாக நகர்த்தும் Distort கொண்டு நான்கு மூலைகளையும் கண்ணளவாக இழுத்ததே பிழை. ஷட்டரின் மேல்விளிம்பையும் சன்ஷேடின் விளிம்பையும் கோடுகளாக நீட்டி, அவை சந்திக்கும் புள்ளியைக் கண்டறிந்து, பலகையின் மேல், கீழ் விளிம்புகளும் அப்புள்ளியையே நோக்குமாறு மூலைகளைத் திருத்தியதும் எழுத்துகள் கடையோடு இசைந்தன.

வெளிச்சம் இன்னும் உறுத்தியது. 0 முதல் 255 வரையிலான வெளிச்ச அளவில் என் பலகையின் வெள்ளை 255. வெயில் பட்ட பழைய பலகையின் வெள்ளையோ 215தான். Levels பகுதியில் வெளியீட்டு வெள்ளையை 215க்கு இறக்கினேன். சன்ஷேடின் நிழலை, அடியில் உள்ளதைக் கருமையாக்கும் Multiply அடுக்கில் வரைந்தபோது, பலகை சுவரைவிட 4 அங்குலம் முன்னே நிற்பதால், சுவரில் விழுவதைவிடச் சற்று மேலேயே அதை நிறுத்தினேன். கடைக்காரர் அன்றே ஒப்புதல் தந்தார்.