இலேசான சொல்லும் பயங்கரமான சொல்லும்: நோயின் பெயரைப் பேச்சுவழக்கில் புழங்கும்போது நேரும் தவறுகள்

அலமாரியில் சட்டைகளை நிறவாரியாக அடுக்கிவைத்த ஒருவர் அதைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பி, “என்ன பண்றது, எனக்கு ஓசிடி” என்று கீழே எழுதுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்பது உண்மைதான். மனநல உரிமைக்காகப் பேசுகிறவர்கள் இதை எதிர்க்கும்போது, “விளையாட்டுக்குச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா?” என்று கேட்பவர்கள் அந்த எதிர்ப்பை மனம் புண்படும் விஷயமாக மட்டுமே புரிந்துகொள்கிறார்கள். புண்படுவது ஒரு பகுதிதான்; நோய் உள்ளவர் தன் நோயை அடையாளம் காண முடியாமலும், வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியாமலும் போவதே பெரிய சேதம். அது எப்படி நிகழ்கிறது என்பதற்கு ஓசிடியே நல்ல எடுத்துக்காட்டு.

தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த நோய்க்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒருவர் விரும்பாத, அவருக்கே அருவருப்போ அச்சமோ தரும் எண்ணம் ஒன்று மீண்டும் மீண்டும் மனத்துள் புகுவது முதலாவது. அந்த எண்ணம் எழுப்பும் பதற்றத்தைத் தணிப்பதற்காக ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தே ஆகவேண்டும் என்று தோன்றுவது இரண்டாவது. கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது போன்றவை வெளியே தெரியும் செயல்கள். மனத்துக்குள் எண்ணுவது, மந்திரத்தை முதலிலிருந்து மறுபடி சொல்வது போன்றவை யார் கண்ணிலும் படாதவை. இவை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, வேலையையும் உறவுகளையும் குலைத்தாலோதான் மருத்துவர் இதை நோய் என்று கணிக்கிறார். சட்டைகளை அடுக்கியவருக்கு அடுக்கி முடித்ததும் ஒரு திருப்தி கிடைக்கிறது. நோய் உள்ளவருக்குக் கிடைப்பது திருப்தியன்று, சில நிமிடங்களுக்கு மட்டும் நிற்கிற ஆறுதல். அதற்குப் பிறகு அதே எண்ணம் மறுபடி வந்து நிற்கும்.

இப்போது கைக்குழந்தையோடு இருக்கும் ஓர் இளம் தாயை எண்ணிப் பார்ப்போம். அடுப்பங்கரையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, “இந்தக் கத்தியால் பிள்ளையைக் குத்திவிட்டால் என்ன ஆகும்?” என்று ஓர் எண்ணம் மின்னி மறைகிறது. இத்தகைய வேண்டாத எண்ணம் பெரும்பாலான மனிதர்களுக்கு எப்போதாவது வந்து போவதுதான். இவருக்கோ அது போகவில்லை. கத்தியைத் துணியில் சுற்றிப் பரணில் வைக்கிறார். காய் நறுக்கும் வேலையை ஏதாவது சாக்குச் சொல்லி மாமியாரிடம் தள்ளுகிறார். குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்ட மறுக்கிறார். இரவில் நாலைந்து முறை எழுந்து அதன் மூச்சைப் பார்க்கிறார். வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது, ஏனெனில் அதைக் கவனிக்க அவருக்குத் தெம்பில்லை.

தனக்கு என்ன ஆயிற்று என்று அவர் எப்படி அறிவார்? அவர் கேள்விப்பட்டிருக்கும் ஓசிடி என்பது சுத்தம் பார்ப்பது, பொருட்களை நேராக அடுக்குவது. அது தனக்கு இருப்பதாக அவர் கனவிலும் நினைக்க மாட்டார். மிஞ்சியிருப்பது இன்னொரு சொல், பைத்தியம். பெற்ற பிள்ளையைக் குத்த நினைப்பவள் பைத்தியம் அல்லாமல் வேறென்ன என்று அவரே தனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொள்வார். குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாயைத் திறக்க மாட்டார். உண்மையில், அந்த எண்ணத்தைக் கண்டு அவர் இவ்வளவு நடுங்குவதே அது அவருடைய விருப்பமன்று என்பதற்கு மருத்துவர் பார்க்கும் முக்கிய அடையாளம். பேற்றுக்குப் பின் வரும் கடுமையான மனநோய்களிலிருந்து இதைப் பிரித்தறிய மருத்துவரின் நேரடிப் பரிசோதனை கட்டாயம் தேவை. இது எண்ணச் சுழற்சிதான் என்று தெளிந்துவிட்டால் வழி இருக்கிறது: எண்ணம் வரும்போது தவிர்ப்பதையும் சரிபார்ப்பதையும் படிப்படியாகக் கைவிடப் பழக்கும் சிகிச்சையும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் வரை பொறுத்துச் சாப்பிடவேண்டிய மருந்துகளும் உண்டு. ஆனால் ஒரு சொல் மிக இலேசாகவும் இன்னொரு சொல் மிகப் பயங்கரமாகவும் ஆகிவிட்ட மொழியில், இவருடைய நோய் அந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

மனச்சோர்வு நோயின் நிலையும் இதுவே. அங்கே தமிழுக்கே உரிய கூடுதல் சிக்கலும் இருக்கிறது. ‘டிப்ரஷன்’ என்பதற்கும் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கும் சேர்த்து நாம் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தி வருகிறோம். பத்திரிகைகள் செய்கின்றன, தொலைக்காட்சி செய்கிறது, சில மருத்துவர்களும் பேச்சில் செய்கிறார்கள். தேர்வு நெருக்கத்தில் மாணவனுக்கு வருவது அழுத்தம். தேர்வு முடிந்தால் அது இறங்கிவிடும். மனச்சோர்வு நோய் அப்படி இறங்குவதில்லை. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு, அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி நீடிக்கும் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ இருக்கவேண்டும். அதோடு தூக்கம், பசி, உடலின் தெம்பு, கவனம் ஆகியவற்றில் மாற்றம், காரணமற்ற குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் என்று வேறு சில அறிகுறிகளும் சேர்ந்திருக்கவேண்டும் என்பதே மருத்துவர்கள் கொள்ளும் அளவுகோல். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால், “உனக்கு மன அழுத்தம்” என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் நாலு நாள் லீவு போட்டு ஊட்டிக்குப் போய்வரச் சொல்கிறார்கள். போய்வந்தும் அவர் கட்டிலைவிட்டு எழவில்லையென்றால் சோம்பேறி என்ற பெயர் கிடைக்கிறது. என் கருத்தில், மனச்சோர்வு, மன அழுத்தம் என்ற இரண்டையும் எழுத்திலாவது பிரித்து ஆள்வதே தமிழில் எழுதுபவர் உடனே திருத்திக்கொள்ளக்கூடிய தவறு.

பிடித்த தொடர் முடிந்துவிட்டதற்கும் கிரிக்கெட்டில் தோற்றதற்கும் “செம டிப்ரஷன்ல இருக்கேன்” என்று சொல்லிப் பழகியவர்களிடம், உண்மையிலேயே நோயுற்ற நண்பர் அதே வாக்கியத்தைச் சொன்னால் அது எந்த வியப்பையும் எழுப்பாது. வருத்தம், ஏமாற்றம், சலிப்பு, வெறுத்துப்போதல் என்று அந்த இடங்களுக்கெல்லாம் தமிழில் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நோய் வந்தவர்களில் பலர் டிப்ரஷன் என்ற சொல்லைச் சொல்வதே இல்லை என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். “நெஞ்சு பாரமா இருக்கு”, “எதுலயும் பிடிப்பில்ல”, “உடம்பெல்லாம் அசதி” என்றுதான் அவர்கள் வந்து நிற்கிறார்கள்.

பயங்கரமான சொற்களின் கதை வேறு. ‘மெண்டல்’ என்பது ஆங்கிலத்தில் மனம் சார்ந்தது என்று மட்டும் பொருள்படும் அடைமொழி. தமிழ்ப் பேச்சில் அது மனிதரைக் குறிக்கும் பெயராகவும் வசையாகவும் ஆகிவிட்டது. அதைவிட மோசமானது ஓர் ஊரின் பெயரையே வசையாக்கியது. சென்னையில் 1794இல் தொடங்கப்பட்டதாக வரலாறு கொண்ட அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருப்பதால், “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்பது தமிழ்நாடு முழுக்கப் புரியும் ஏச்சு. இலங்கைத் தமிழர் நடுவே அதே இடத்தில், கொழும்புக்கு அருகே மனநல மருத்துவமனை உள்ள அங்கொடை நிற்கிறது. யாரை வைகிறோமோ அவரை அந்தச் சொல் ஒன்றும் செய்வதில்லை. ஆனால், தூங்காமல் தவிக்கும் மகனை அந்த மருத்துவமனைக்கு அழைத்துப்போகலாமா என்று யோசிக்கும் தகப்பனை அது வாசலிலேயே நிறுத்துகிறது. மருத்துவமனையைத் தவிர்த்தவர்கள் நோய் தீரும் என்ற நம்பிக்கையில் போன இடங்களில் ஒன்று தர்கா உள்ள ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலிக்கு வசைச்சொல்தான் காரணம் என்று சொல்வது மிகை. சட்டத்தின் அசட்டையும் வறுமையும் நம்பிக்கைகளும் அதில் கலந்திருந்தன. ஆயினும் நோயாளியை நோயாளியாகப் பார்க்க விடாத பேச்சுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதே செயல்பாட்டாளர்களின் வாதம்.

செய்தி எழுதுவோர் அடிக்கடி செய்யும் பிழை ‘சைக்கோ’ என்பது. இல்லாததைக் கேட்பதும் காண்பதுமான சைக்கோசிஸ் ஒரு நோய்நிலை. இரக்கமின்றிப் பிறரைத் துன்புறுத்தும் இயல்பு முற்றிலும் வேறொன்று. ‘சைக்கோ கொலையாளி’ என்று தலைப்பிடும்போது இரண்டும் ஒன்றாகி, சைக்கோசிஸ் வரக்கூடிய மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிட்டு வேலைக்குப் போய்வருபவர்மீது பழி விழுகிறது. மருத்துவர் எவரும் கணிக்காத நிலையில் குற்றம்சாட்டப்பட்டவரை “மனநலம் பாதிக்கப்பட்டவர்” என்று எழுதுவதும் இதே பிழைதான், என்னதான் அந்தத் தொடர் மரியாதையாக ஒலித்தாலும்.

நல்ல சொல்லை மாற்றி வைத்தால் போதுமா என்பது கடினமான கேள்வி. ‘ஊனமுற்றோர்’ என்பதை விட்டு ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டு அரசு எடுத்துக்கொண்டதும், சில ஆண்டுகளில் பேருந்து இருக்கை முதல் பேச்சுவழக்கு வரை அது பரவிவிட்டது. ஜப்பானில் மனச்சிதைவு நோய்க்கு இருந்த ‘பிளவுண்ட மனம்’ என்ற பொருளுள்ள பெயரை 2002இல் மாற்றினார்கள். நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வது மருத்துவர்களுக்கு அதன்பின் எளிதாயிற்று. ஆனால் பைத்தியக்காரன் என்பதற்குப் பதிலாக நாகரிகமாக வந்த ‘மனநோயாளி’ இன்று அரசியல் சண்டைகளில் எதிராளியை ஏசும் சொல். வசை எங்கே இருக்கிறதோ அங்கே புதுச்சொல்லும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, எல்லாவற்றையும் தடைசெய்யக் கிளம்புவது. சிவனைப் “பித்தா” என்று அழைத்துப் பாடத் தொடங்கிய சுந்தரரை எவரும் திருத்த வேண்டியதில்லை. ‘சினிமாப் பைத்தியம்’ என்பதையும் நான் விட்டுவிடுவேன். அதில் எவருடைய நோயும் கேலிக்குள்ளாகவில்லை, ஆர்வத்தின் மிகுதியே சொல்லப்படுகிறது. இதில் என்னோடு உடன்படாத செயல்பாட்டாளர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், நோயுற்றவர் தன்னைப் பற்றிப் பேசும்போது அவர் வாயிலிருந்து வரும் சொல்லைத் திருத்துவது கூடவே கூடாது. மேலே கண்ட அந்தத் தாய் ஒரு நாள் துணிந்து, “அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு போல” என்று தமக்கையிடம் சொன்னால், பைத்தியம் என்ற சொல் தவறு என்று பாடம் எடுக்கும் வேளை அதுவன்று. “ஏன்டி, என்ன தோணுது உனக்கு?” என்று கேட்டுவிட்டு, கத்தியைப் பற்றி அவர் சொல்லி முடிக்கும்வரை அந்த அக்கா பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.