இணையத்தில் வந்த இயந்திரத் தமிழைப் பொருள் மாறாமல் திருத்தி எழுதுவது எப்படி? ஒரு நீர்ப்பம்பிக் குறிப்பை வைத்து ஒரு செய்முறை

வன்னியில் தோட்டக் கிணற்றிலிருந்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைப்பவர்கள் பலரிடம் சிறிய பெற்றோல் நீர்ப்பம்பி இருக்கிறது. அதனுடன் வரும் கைநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், இணையத்தளத்தைத் திறந்து, கைபேசியிலேயே தமிழாக்கி, வந்ததை அப்படியே வட்சப்பில் ஒட்டிப் பகிர்கிறார்கள். அத்தகைய நான்கு வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை எப்படி விளங்கிக்கொள்வது, எப்படித் திருப்பி எழுதுவது என்று இங்கே பார்க்கலாம். இது போன்ற பக்கங்களில் வரும் தமிழின் மாதிரியாக நான் அமைத்த பகுதி பின்வருமாறு.

"1. இயந்திரத்தைத் தொடங்குவதற்கு முன் பம்ப் வழக்கை தண்ணீரால் பிரதமப்படுத்தவும். 2. பம்பை ஒருபோதும் உலர் இயக்க வேண்டாம், ஏனெனில் அவ்வாறு செய்வது முத்திரையை சேதப்படுத்தும். 3. அது உலர்ந்து இயக்கப்பட்டிருந்தால், உடனடியாக நிறுத்தி, பிரதம நீரைச் சேர்ப்பதற்கு முன் பம்பை குளிர்விக்க அனுமதிக்கவும். 4. சிறந்த செயல்திறனுக்காக பம்பை நீர் மட்டத்திற்கு அருகில் வைக்கவும், இதனால் உறிஞ்சும் தலை குறைக்கப்படும்."

படி 1: தொடாமல் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்

ஒட்டிய பகுதியை அப்படியே ஒரு கோப்பில் வைத்து, மேலே செய்திருப்பது போல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இலக்கம் இடுங்கள். இணையப் பக்கத்திலிருந்து எடுத்த வரிகள் நடுவில் உடைந்திருந்தால், திருத்தத் தொடங்குமுன் அவற்றை ஒரே வரியாக இணையுங்கள். உடைந்த வரியின் இரு துண்டுகளையும் மொழிபெயர்ப்பு இயந்திரம் பெரும்பாலும் இரண்டு தனி வாக்கியங்களாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால், சில குழப்பங்கள் அங்கேயே தொடங்குகின்றன.

படி 2: பொருந்தாத சொற்களுக்குப் பின்னால் இருக்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள்

"வழக்கு", "பிரதமம்", "முத்திரை", "தலை" ஆகிய நான்கும் கிணற்றடியில் யாரும் பேசாத சொற்கள். ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் பல பொருள் இருக்கும்போது இந்த இடத்துக்கு உரியதை இயந்திரம் தவறவிட்டிருக்கிறது. நீதிமன்ற வழக்கையும் ஒரு பொருளை மூடியிருக்கும் கூட்டையும் ஆங்கிலத்தில் "கேஸ்" என்ற ஒரே சொல் குறிக்கும். ஆகவே இங்கே பேசப்படுவது பம்பியின் உட்கூடு. "பிரைம்" என்பது பிரதமரின் பட்டத்தில் வரும் சொல்தான், ஆனால் பம்பி வேலையில் அது தண்ணீர் ஊற்றி உட்கூட்டை நிரப்புவதைக் குறிக்கிறது. "முத்திரை" என்பது கடைக்காரர் "சீல்" என்று கொடுக்கும் உதிரிப்பாகம். "தலை" என்பதை நான்காவது படியில் பார்ப்போம்.

ஊகம் சரியா என்று பார்க்க எளிய வழி, மூலப் பக்கத்துக்குப் போவதுதான். இணைய முகவரியில் `/ta/` என்ற பகுதி இருந்தால் அதை `/en/` என்று மாற்றிப் பாருங்கள். பல தளங்களில் ஆங்கிலப் பக்கம் திறக்கும். அது கிடைக்காவிட்டால், சந்தேகமான தமிழ்ச் சொல்லை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டு ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்க்கலாம். போன வழியிலேயே அது பெரும்பாலும் திரும்பி வருவதால், பிழைபட்ட சொல்லே மூலச் சொல்லைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் முழு வாக்கியத்தையும் இப்படித் திருப்பிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று நம்பக்கூடாது, ஏனெனில் இரண்டு பக்கமும் ஒரே பிழை நடந்திருந்தால் அது வெளியே தெரியாது.

படி 3: யார், எதை, எந்த வரிசையில் என்று கேளுங்கள்

சொற்கள் தெளிந்த பின்னும் மூன்றாவது வாக்கியம் ஆபத்தானதாகவே இருக்கிறது. "குளிர்விக்க" என்பது நாம் ஏதோ செய்து பம்பியைக் குளிரச் செய்வதைச் சொல்கிறது. பெற்றோல் பம்பியைக் குளிர்விக்க வீட்டில் கையில் இருப்பது தண்ணீர்தான் என்பதால், அவசரமாகப் படிப்பவர் "நிறுத்தி, தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்" என்று எடுத்துக்கொள்வார். மூலம் சொல்வது இதற்கு நேர்மாறானது: தானாக ஆற விடு, ஆறிய பிறகே தண்ணீர் ஊற்று. தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்பியின் சீல் உராய்வினால் கடுமையாகச் சூடாகியிருக்கும், அதன் மேல் குளிர்ந்த நீர் பட்டால் அதிலுள்ள பீங்கான் போன்ற கடினமான முகம் வெடித்துவிடலாம். ஆகவே செயல்களைத் தனியே எழுதிப் பாருங்கள்: நிறுத்து, ஆற விடு, நிரப்பு. "முன்" என்ற சொல் எந்த இரண்டு செயல்களுக்கு நடுவே நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

படி 4: பழைய வாக்கியத்தை ஒட்டுப்போடாமல் புதிதாக எழுதுங்கள்

ஒட்டிய பகுதியை மூடிவைத்துவிட்டு, நீங்கள் விளங்கிக்கொண்டதை அயல் தோட்டக்காரருக்குச் சொல்வது போல எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டே போனால் "அவ்வாறு செய்வது சேதப்படுத்தும்" போன்ற ஆங்கில நடை அப்படியே தங்கிவிடும். நான் எழுதுவது இதுதான்:

"இயந்திரத்தை இயக்குமுன் பம்பியின் உட்கூட்டில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். தண்ணீர் இல்லாமல் பம்பியை ஒருபோதும் ஓடவிடாதீர்கள், சீல் பழுதாகிவிடும். அப்படி ஓடியிருந்தால் உடனே நிறுத்தி, பம்பி தானாக ஆறும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். பம்பி நன்றாக இறைப்பதற்கு, அதைத் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட வையுங்கள், அப்போது தண்ணீரை உறிஞ்சி மேலே எடுக்கவேண்டிய உயரம் குறையும்."

நான்காவது வாக்கியத்தின் "தலை" இப்போது உயரமாகிவிட்டது. தண்ணீர் மட்டத்திலிருந்து பம்பி வரையுள்ள செங்குத்து உயரத்தை ஆங்கிலப் பொறியியலில் தலையைக் குறிக்கும் "ஹெட்" என்ற சொல்லால்தான் அழைக்கிறார்கள். தமிழில் அதை விரித்துச் சொல்வதே பாதுகாப்பானது.

இந்த இடத்தில் ஓர் ஆசை வரும். சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீர் கீழே போகும்போது, பம்பியையே கிணற்றுக்குள் இறக்கலாம் என்று இந்த வாக்கியத்தை ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடும். மூலத்தில் அப்படிச் சொல்லப்படவில்லை, ஆனால் பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இயக்கினால் மணமில்லாத காபனோரொட்சைட்டு வாயு அங்கேயே தேங்கி, உள்ளே இறங்குபவரைக் கொன்றுவிடும். இதைச் சொல்லியே ஆகவேண்டும், ஆனால் திருத்திய வாக்கியத்துக்குள் கலக்காமல், கீழே "எழுதியவர் குறிப்பு" என்று பிரித்துச் சொல்லுங்கள். கலந்துவிட்டால், எது கைநூல் சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று பின்னர் யாராலும் பிரித்தறிய முடியாது. அதே குறிப்பில், இப்படியான பம்பி நடைமுறையில் ஏறத்தாழ 7 முதல் 8 மீற்றருக்கு மேல் உறிஞ்சாது என்பதையும் சேர்க்கலாம், கோட்பாட்டின்படியும் அந்த எல்லை கடல் மட்டத்தில் 10.3 மீற்றர்தான்.

படி 5: இலக்கத்தை வைத்து ஒப்பிடுங்கள்

இப்போது முதல் படியில் வைத்த பிரதியைத் திறந்து, இலக்கம் இலக்கமாகப் பார்த்துக்கொண்டே போங்கள். பொருள் நழுவுவது பெரும்பாலும் எதிர்மறையிலும் நிபந்தனையிலும்தான். "ஒருபோதும்" என்பது வெறும் "கூடாது" ஆகிவிட்டால் எச்சரிக்கையின் கடுமை குறையும். "ஓடியிருந்தால்" என்பது "ஓடும்போது" ஆகிவிட்டால் வேறொரு அறிவுறுத்தலாகிவிடும். இரண்டாவது வாக்கியத்தின் காரணத்தை, அதாவது சீல் பழுதாகும் என்பதை, சுருக்கமாக இருக்கட்டும் என்று வெட்டிவிடுவதும் வழக்கம். காரணம் தெரியாத ஒருவர் அந்த விதியை முதல் அவசரத்திலேயே மீறுவார் என்பதால் அதை வெட்டாமல் வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, பம்பி வைத்திருக்கும் ஒருவரிடம் திருத்திய பகுதியைக் கொடுத்து, "தண்ணீர் இல்லாமல் ஓடிவிட்டது, இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "விளங்கியதா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். செய்வதைச் சொல்லச் சொன்னால்தான், அவர் முதலில் தண்ணீர் வாளியைத் தூக்குகிறாரா, ஆறும்வரை பொறுத்திருக்கிறாரா என்பது தெரியும். வாளியைத் தூக்குவாராயின் மூன்றாவது வாக்கியத்தை மறுபடி எழுதுங்கள். மூலமும் கிடைக்காமல் சொல்லும் பிடிபடாத இடம் ஒன்று இருந்தால், அதை அழகாக எழுதி மூடிவிடாமல், அந்த இடத்தில் "இது தெளிவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் எழுதி விட்டுவிடுங்கள்.